இருபத்திரண்டு மாத ஓட்டம், இன்ப்ஸ் தாளில் ஐந்து மாதம்: ரைடர் வேலையை அனுபவமாக எப்படி எண்ணுவது?

கடந்த ஒக்ரோபரில் ஒரு சரக்கு விநியோக நிறுவனத்தின் ஆட்சேர்ப்புப் பகுதியில் இருந்து எனக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. நான் பலெர்மோவில் வேலைப் பத்திரங்கள், வரிப் பத்திரங்கள் பார்த்துக் கொடுக்கும் சிறிய அலுவலகம் ஒன்றில் வேலை செய்பவன். எங்களிடம் பத்திரம் செய்யும் இருபத்துநாலு வயதுத் தமிழ்ப் பெடியன் ஒருவர் அந்த நிறுவனத்துக்கு விண்ணப்பித்திருந்தார். விநியோக ஒருங்கிணைப்பாளர் வேலை. விளம்பரத்தில் "விநியோகத் துறையில் குறைந்தது ஒரு வருட அனுபவம்" எண்டு போட்டிருந்தது. பெடியன் தன் விண்ணப்பத்தில் 2023 மார்ச்சில் இருந்து 2024 டிசெம்பர் வரை ரைடர் எண்டு எழுதி, எங்கட அலுவலக இலக்கத்தையும் கொடுத்து, கதைக்கச் சம்மதமும் எழுதிக் கொடுத்திருந்தார்.

அந்தப் பெண்மணி கேட்ட கேள்வி நேர்மையானது. "இவர் இருபத்திரண்டு மாதம் எண்டு எழுதியிருக்கிறார். அவர் இணைத்த இன்ப்ஸ் தாளில் 2023 இற்கு ஒன்றுமே இல்லை, 2024 இற்கு ஐந்து மாதம். நான் எதை நம்புவது? அதோடு, இதையெல்லாம் வேலை அனுபவம் எண்டு எடுக்கலாமா, இல்லாட்டி படிக்கிற காலத்துக் கைச்செலவு உழைப்பு எண்டு விடுவதா?"

இந்தக் கேள்வி இனி எங்கட வீடுகளுக்கு அடிக்கடி வரப்போகிற கேள்வி. பெற்றோர் வீட்டு வேலையிலும் முதியோர் பராமரிப்பிலும் நின்றார்கள். பிள்ளைகளில் பலர் பைக்கிலும், மொழிபெயர்ப்பிலும், கணினியில் துண்டு துண்டாக வரும் வேலைகளிலும் தொடங்குகிறார்கள். அதனால் அவருக்கு நான் சொன்ன பதிலை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் அந்த ஐந்து மாதம். 2023 இல் பெடியன் வேலை செய்தது "ஒக்கசியொனாலே" எண்டு நாங்கள் சொல்லும் முறையில், அதாவது இடையிடையே செய்யும் சுயாதீன வேலையாக. அந்த வருடம் அவர் எடுத்தது மொத்தம் 4,700 யூரோ. கொடுத்தவர்கள் அதில் 20 சதவீதத்தை, 940 யூரோவை, முன்வரியாகப் பிடித்துவிட்டு மிச்சத்தைக் கொடுத்தார்கள். இந்த முறையில் வருடத்துக்கு 5,000 யூரோவைத் தாண்டாவிட்டால் இன்ப்ஸுக்குக் கொன்திரிபூத்தி கட்டத் தேவையில்லை. கட்டாததால் இன்ப்ஸ் தாளில் அந்தப் பத்து மாதமும் வெறுமை. வேலை நடக்கவில்லை என்பதல்ல அதன் அர்த்தம், கட்டணம் நடக்கவில்லை என்பது மட்டும்தான்.

2024 சனவரியில் அவர் பர்தீத்தா ஈவா திறந்தார், எளிய வரித் திட்டமான ஃபொர்ஃபெத்தாரியோவில். அந்த வருடம் பில்களின் கூட்டுத்தொகை 12,000 யூரோ. அந்தத் திட்டத்தில் அவரது வேலைக்குச் செலவு போக 67 சதவீதமே வருமானம் எண்டு கணக்கு. ஆக 8,040 யூரோ. இதற்கு இன்ப்ஸின் ஜெஸ்தியோனே செபராத்தாவில் 26.07 சதவீதம், கிட்டத்தட்ட 2,096 யூரோ, கட்டினார்.

சிக்கல் இங்கேதான். ஜெஸ்தியோனே செபராத்தாவில் ஒரு முழு வருடம் பதியப்பட வேண்டுமானால், 2024 இல் குறைந்தது 18,415 யூரோ வருமானத்துக்குக் கட்டியிருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் இன்ப்ஸ் விகிதப்படி மாதங்களைக் குறைக்கும். 18,415 ஐப் பன்னிரண்டால் பிரித்தால் ஒரு மாதத்தின் "விலை" ஏறத்தாழ 1,535 யூரோ. 8,040 இல் அது ஐந்து தடவை போகும், மிச்சத்துக்கு மாதம் கிடையாது. இதில் இன்னொரு விசித்திரம், அந்த ஐந்து மாதத்தையும் இன்ப்ஸ் சனவரியில் இருந்தே எண்ணி வைக்கும். வருடம் முழுக்க மழையிலும் வெயிலிலும் ஓடிய ஆள், தாளைப் பார்க்கிறவருக்கு மே மாதத்தோடு வேலையை விட்டவர் போலத் தெரிவார். ஆட்சேர்ப்புப் பெண்மணியும் அப்படித்தான் நினைத்திருந்தார். "ஜூனில் இருந்து இவர் என்ன செய்தார்?" எண்டு குறிப்பு எழுதி வைத்திருந்ததாகச் சொன்னார்.

எங்கட அம்மாமாருக்கு இது புதிதல்ல. வீட்டு வேலையில் ஒரு கிழமை முழுதாகப் பதியப்பட வாரத்துக்கு 24 மணித்தியாலத்துக்குக் கொன்திரிபூத்தி கட்டியிருக்க வேண்டும். ஒரு வீட்டில் வாரம் 12 மணித்தியாலம் எண்டு மட்டும் பதிந்து இருபது வருடம் வேலை செய்தவர், ஓய்வூதியத்துக்குப் போகும்போது பாதி வருடங்களைத்தான் காண்பார். ஆனால் அவருக்கு வீட்டு வேலையில் பத்து வருட அனுபவம்தான் எண்டு எந்த வீட்டுக்காரரும் சொல்ல மாட்டார். இன்ப்ஸ் தாள் ஓய்வூதியத்தை அளக்கச் செய்த கோல். அனுபவத்தை அளக்க அதை எடுத்தால் குறைவாகத்தான் காட்டும், அதுவும் குறைந்த சம்பளம் எடுத்தவருக்குத்தான் கூடக் குறைத்துக் காட்டும். ஒரே நேரம் வேலை செய்த இருவரில் கூடிய கூலி வாங்கியவருக்குக் கூடிய மாதம் விழும்.

"சரி, அப்ப வேலை நடந்தது எண்டு எப்படித் தெரியும்?" எண்டு அவர் கேட்டார். நியாயம்தான். சம்பளக்காரருக்குப் பூஸ்தா பாகா இருக்கு. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இருந்து எடுக்கிற வேலை வரலாற்றுத் தாளும் இருக்கு. முதலாளிகள் அறிவித்த ஒப்பந்தங்களில் இருந்துதான் அந்தத் தாள் உருவாகிறது. சாதாரண வாடிக்கையாளருக்கு பர்தீத்தா ஈவாவோடு வேலை செய்தவருக்கு அங்கே ஒன்றும் இராது. டிஜிட்டல் தளங்களுக்கு மட்டும் 2022 ஏப்ரலில் இருந்து, சுயாதீனமாக வேலை செய்பவர்களைப் பற்றியும் தொழில் அமைச்சுக்கு அடுத்த மாதம் 20 ஆம் திகதிக்குள் அறிவிக்கும் கடமை வந்தது. அது நல்ல விடயம். ஆனால் அது அரசு கண்காணிப்புக்கான பதிவு. பெடியன் கையில் வைத்துக்கொண்டு நேர்முகத்துக்குப் போகிற காகிதம் இல்லை.

கையில் இருப்பது பில்கள்தான். 2024 சனவரியில் இருந்து ஃபொர்ஃபெத்தாரியோகாரர் எல்லோரும் மின்னணுப் பில் போட வேண்டும். அதனால் ஒவ்வொரு பில்லும் வருமான வரி முகமையின் இணையத்தளத்தில், ஸ்பித் போட்டு உள்ளே போனால், இலக்க வரிசையோடு இருக்கும். எங்கட பெடியனுக்கு மாதத்துக்கு இரண்டு பில். ஒவ்வொன்றிலும் எத்தனை விநியோகம் எண்டு இருந்தது. 2023 இற்கு பில் இல்லை, ஆனால் பணம் கொடுத்தவர் வழங்கிய சேர்த்திஃபிகாத்சியோனே ஊனிகா இருந்தது. 2024 இற்கு அந்தத் தாளைத் தேட வேண்டாம் எண்டு அவருக்கு நான் சொன்னேன். ஃபொர்ஃபெத்தாரியோகாரருக்கு அதைக் கொடுக்கும் கடமையை அந்த வருடத்தில் இருந்து எடுத்துவிட்டார்கள். இது தெரியாத ஆட்சேர்ப்பாளர்கள் "2023 இற்குத் தாள் இருக்கு, 2024 இற்கு இல்லை, அப்ப பொய்" எண்டு நினைப்பதைக் கண்டிருக்கிறேன். இதோடு, யாருடைய பர்தீத்தா ஈவா இலக்கத்தையும் அதே முகமையின் தளத்தில் இலவசமாகப் போட்டுப் பார்க்கலாம். யாருடைய பெயரில், எந்தத் திகதியில் தொடங்கியது, இன்னும் உயிரோடு இருக்கா எண்டு காட்டும். அவர் தொலைபேசியில் கதைத்துக்கொண்டே அதைப் பார்த்தார். 2024 சனவரி எண்டு வந்தது. அதற்குப் பிறகு அவரின் குரல் கொஞ்சம் இளகியது.

பில்களைக் கூட்டினோம். 2024 இல் 2,840 விநியோகம். வேலை செய்த கிழமைகள் 46. வாரத்துக்கு ஏறத்தாழ 62 விநியோகம். தான் முன்பதிவு செய்த நேரத் துண்டுகளைப் பெடியன் தன் கைபேசியில் படமெடுத்து வைத்திருந்தார். அதன்படி வாரத்துக்குச் சராசரி 28 மணித்தியாலம். அதில் உண்மையில் சாப்பாட்டுப் பையோடு ஓடிய நேரம் 17 மணித்தியாலம் அளவில் வரும். மிச்சம் உணவகத்து வாசலிலும் சதுக்கத்து ஓரத்திலும் ஓடருக்குக் காத்து நின்ற நேரம்.

"அப்ப பதினேழைத்தானே எடுக்க வேண்டும்?" எண்டார் அவர்.

இதற்குப் பதில் எங்கட நகரத்திலேயே இருக்கிறது. 2020 நவம்பர் 24 அன்று பலெர்மோ நீதிமன்றத்தின் தொழில் பிரிவு 3570 ஆம் இலக்கத் தீர்ப்பைக் கொடுத்தது. குளோவோவின் இத்தாலிய நிறுவனமான ஃபுடினோவுக்காக ஓடிய ரைடர் ஒருவரின் கணக்கு 2020 மார்ச்சில் முடக்கப்பட்டது. அவர் வழக்குப் போட்டார். ஒப்பந்தத்தில் அவர் சுயாதீனத் தொழிலாளி. நீதிபதியோ ஒப்பந்தத்தின் தலைப்பை விட்டுவிட்டு, நாளாந்தம் என்ன நடந்தது எண்டு பார்த்தார். வேலை கிடைக்க வேண்டுமானால் ஓடர் வரும் முன்பே ரைடர் செயலிக்குள் நுழைந்திருக்க வேண்டும், கைபேசியில் குறிப்பிட்ட அளவு சார்ஜ் இருக்க வேண்டும், எடுக்க வேண்டிய கடைக்குக் கிட்ட நிற்க வேண்டும். எந்த நேரத் துண்டு கிடைக்கும் என்பதைப் புள்ளி முறை தீர்மானித்தது. இப்படி நிற்கிற ஆள் தன் விருப்பத்துக்கு நிற்கிறவர் அல்ல, அந்தக் காத்திருப்பும் வேலைதான் எண்டு முடிவாகியது. அவரைக் காலவரையறையற்ற முழுநேர ஊழியராக, வர்த்தகத் துறைக் கூட்டு ஒப்பந்தத்தின் ஆறாம் நிலையில், திரும்ப வேலைக்கு எடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. இத்தாலியில் ஒரு ரைடரை நேரடியாகச் சம்பள ஊழியர் எண்டு சொன்ன முதல் தீர்ப்பு அது.

இந்தத் தீர்ப்பை வைத்து "ரைடர் எல்லோரும் ஊழியர்தான்" எண்டு சொல்லிவிட முடியாது. அது ஒரு ஆளின் வழக்கு. அதே வருடம் சனவரியில் உரோமின் உச்ச நீதிமன்றமான கசாத்சியோனே, தூரினோவின் ஃபுடோரா ரைடர்கள் வழக்கில் (1663/2020) வேறொரு நடுவழியை எடுத்திருந்தது: சுயாதீன வேலைதான், ஆனால் வேலையை ஒழுங்குபடுத்துவது நிறுவனம் என்பதால் ஊழியருக்கான பாதுகாப்பு பொருந்தும் எண்டு. பிறகு 2021 மார்ச்சில் ஜஸ்ட் ஈட் தொழிற்சங்கங்களோடு ஒப்பந்தம் போட்டு, தன் ரைடர்களைச் சரக்குத் துறை ஒப்பந்தத்தின் கீழ் ஊழியர்களாக எடுத்தது. ஆக ஒரே பெட்டியை முதுகில் போட்டு ஒரே தெருவில் ஓடும் மூன்று பேர் மூன்று விதச் சட்டத்தில் நிற்கலாம்.

ஆட்சேர்ப்பாளருக்கு இதில் வேண்டியது ஒரே ஒரு பகுதிதான். நீதிபதி ஒருவருக்கு ஒரு ஆள் எவ்வளவு வேலை செய்தார் எண்டு கண்டுபிடிக்க வேண்டி வந்தபோது, அவர் தாளின் தலைப்பையும் கூலியையும் அளவாக எடுக்கவில்லை. ஆள் வேலைக்காகக் கட்டுப்பட்டு நின்ற நேரத்தை எடுத்தார். சுப்பர்மார்க்கெட் காசாளர் ஆள் வராத பத்து நிமிடத்தை யாரும் அவரின் அனுபவத்தில் இருந்து கழிப்பதில்லை. ஆகவே 28 தான், 17 அல்ல.

இங்கே அவர் கொஞ்சம் தயங்கினார். தயக்கத்துக்குக் காரணம் வேறு. "நான் இதை அனுபவம் எண்டு ஒத்துக்கொண்டால், அவர் ஊழியராக இருந்தார் எண்டு நாங்கள் ஒத்துக்கொண்டதாகிவிடாதா? பிறகு மூப்புச் சம்பள உயர்வும் கேட்பாரே?" பல நிறுவனங்களில் இந்தப் பயம் இருக்கிறது, யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. அவர் சொன்னதற்காக நான் அவரை மதிக்கிறேன். இரண்டும் தேவையில்லாத பயம். பழைய தளத்துக்கும் ரைடருக்கும் இடையில் இருந்த உறவு என்ன என்பது அந்த இருவருக்குள் உள்ள வழக்கு. புதிய நிறுவனம் விண்ணப்பத்தில் உள்ள அனுபவத்தை எண்ணுவதால் அதில் பங்காளியாகாது. மூப்பு உயர்வும் அதே நிறுவனத்தில் செய்த சேவைக்குத்தான் வருவது. வேறு இடத்து வேலை, சம்பள வேலையாக இருந்தாலும், அதில் சேராது. சம்பள நிலை தீர்மானிக்கப்படுவது இனிச் செய்யப்போகும் வேலையின் தன்மையை வைத்து. அனுபவத்தை ஒத்துக்கொள்வதால் நிறுவனத்துக்கு ஒரு யூரோவும் கூடுதலாகப் போகாது.

அடுத்தது எண்ணும் வழி. வழிகள் இரண்டு. நாட்காட்டியைப் பார்த்துத் தொடக்கத்தில் இருந்து முடிவு வரை எண்ணலாம். அப்படியானால் 22 மாதம். இல்லாவிட்டால் மணித்தியாலங்களை எல்லாம் கூட்டி, வாரம் 40 மணித்தியால முழுநேர வேலையாக மாற்றலாம். 2024 இல் 46 கிழமையில் 28 மணித்தியாலம், அதாவது முழுநேரத்தில் 32 கிழமை. 2023 இல் 40 கிழமையில் வாரம் 14 மணித்தியாலம், அதாவது முழுநேரத்தில் 14 கிழமை. மொத்தம் 46 கிழமை, பத்தரை மாதம். விளம்பரம் கேட்ட ஒரு வருடத்துக்கு ஒன்றரை மாதம் குறைவு.

அவர் உடனே இரண்டாவது வழியைப் பிடித்துக்கொண்டார். கணக்குப் போலத் தெரிகிறதுதானே. நான் ஒரு கேள்வி கேட்டேன்: "உங்கட கிட்டங்கியில் வாரம் 20 மணித்தியாலம் பகுதிநேரமாக இரண்டு வருடம் வேலை செய்த ஒருவர், நாளைக்கு வேறு இடத்துக்கு விண்ணப்பித்தால், நீங்கள் கொடுக்கும் சான்றிதழில் எத்தனை வருடம் எண்டு எழுதுவீர்கள்?" அவர் யோசிக்காமல், "இரண்டு வருடம்" எண்டார். "அவர் உங்களிடம் வேறு பிரிவுக்கு விண்ணப்பித்தால்?" அப்பவும் இரண்டு வருடம்தான். யாரும் பகுதிநேரக்காரரின் வருடத்தைப் பாதியாக வெட்டுவதில்லை. அப்படியெண்டால் சுயாதீனமாக வேலை செய்தவரின் வருடத்தை மட்டும் மணித்தியாலமாக உடைப்பதற்கு என்ன காரணம்? பில் போட்டவர் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

ஆனால் நாட்காட்டி வழியை அப்படியே விடவும் கூடாது, அதில் ஏமாற்று நுழையும். எங்கட ஆட்களில் மொழிபெயர்ப்பாளராகப் போகிறவர்கள் இருக்கிறார்கள். மாதத்துக்கு ஒரு தடவை ஆசுப்பத்திரிக்கோ நீதிமன்றத்துக்கோ போய் ஒரு மணித்தியாலம் கதைத்துவிட்டு, "ஆறு வருட அனுபவம்" எண்டு எழுதுவார்கள். நாட்காட்டிப்படி அது ஆறு வருடம்தான். ஆனால் செய்தது எழுபத்திரண்டு தடவை. அந்தத் தொழிலுக்கு மாதக் கணக்கே பொருந்தாது. எத்தனை தடவை, எந்த இடத்தில், என்ன விடயத்துக்கு எண்டுதான் எழுத வேண்டும். அரைமணி மருத்துவர் சந்திப்பும், அடைக்கலம் கேட்பவருக்கு மூன்று மணித்தியாலம் மொழிபெயர்ப்பதும் ஒன்றல்ல. வரைகலை, இணையத்தள வேலை செய்யும் பிள்ளைகளுக்கும் இதே கதை, முடித்துக் கொடுத்த வேலைகளின் பட்டியலே அவர்களுக்கு அளவு. தொடர்ச்சியாக ஒரே மாதிரி ஓடும் வேலைக்குத்தான் மாதக் கணக்கு.

அதனால் நான் அவருக்குச் சொன்ன முறை இது. உங்கட நிறுவனத்தில் ஆகக் குறைந்த பகுதிநேர ஒப்பந்தம் எத்தனை மணித்தியாலம் எண்டு பாருங்கள். அவர்களிடம் அது வாரம் 20. சுயாதீனமாக வேலை செய்தவர் அந்த அளவைத் தொட்ட மாதங்களை முழு மாதமாக எண்ணுங்கள். தொடாத மாதங்களை விகிதப்படி எண்ணுங்கள். ஒரே மாதத்தில் இரண்டு தளங்களுக்கு ஓடியிருந்தால் மணித்தியாலத்தைக் கூட்டலாம், மாதத்தைக் கூட்டக்கூடாது. சிலர் இரண்டு தளத்தையும் தனித்தனி வரியில் எழுதி ஒரு வருடத்தை இரண்டாக்குவார்கள், திகதிகள் ஒன்றின் மேல் ஒன்று விழுகிறதா எண்டு பார்த்தால் பிடிபடும்.

பெடியனின் கணக்கை இப்படிப் போட்டோம். 2024 இல் வாரம் 28, அளவுக்கு மேல். 52 கிழமையில் 46 தான் ஓடியிருக்கிறார், ஆனால் இங்கே எந்தச் சம்பள ஊழியருக்கும் வருடத்துக்குக் குறைந்தது நான்கு கிழமை விடுமுறை உண்டு. அதைக் கழித்தால் குறைவது இரண்டு கிழமை. பதினொன்றரை மாதம் எண்டு வைப்போம். 2023 இல் வாரம் 14, அளவுக்குக் கீழே. இருபதுக்குப் பதினாலு என்றால் பத்தில் ஏழு. நாற்பது கிழமையை மாதமாக்கினால் ஒன்பது, அதில் பத்தில் ஏழு, ஆறு மாதத்துக்குக் கொஞ்சம் கூட. மொத்தம் பதினேழு மாதத்துக்கு மேல். அவர் எழுதிய இருபத்திரண்டு இல்லை. ஆனால் ஒரு வருடம் தாண்டிவிட்டது.

அவர் கடைசியாகக் கேட்டது புள்ளி. "செயலியில் இவருக்கு எத்தனை புள்ளி இருந்தது? அதைப் பார்த்தால் நல்ல ஆளோ எண்டு தெரியும்தானே?" இதை நான் ஏற்கவில்லை. 2020 டிசெம்பர் 31 அன்று பொலோஞ்ஞா நீதிமன்றம் டெலிவரூவின் தரவரிசை முறை பாரபட்சமானது எண்டு தீர்ப்பளித்தது. முன்பதிவு செய்த நேரத்துக்கு ஒருவர் வராவிட்டால், அவர் சும்மா வரவில்லையா, நோயா, வேலைநிறுத்தமா எண்டு அந்த முறை பார்க்காமல் எல்லோரையும் ஒரே மாதிரிக் கீழே தள்ளியது. அப்படிப்பட்ட இலக்கத்தில் இருந்து ஒரு ஆளின் பொறுப்புணர்வை எப்படி வாசிப்பது? தகப்பனை ஆசுப்பத்திரிக்குக் கூட்டிப்போன வெள்ளிக்கிழமை இரவும் அதில் ஒரு கரும்புள்ளிதான். ஒரு தளத்தின் புள்ளி இன்னொரு தளத்தின் புள்ளியோடு ஒப்பிடக்கூடியதும் அல்ல.

அந்தத் தரவு முழுக்கப் பயனற்றது எண்டு சொல்ல வரவில்லை. ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி ரைடர் தன்னைப் பற்றித் தளம் வைத்திருக்கும் தரவை எழுதிக் கேட்கலாம், ஒரு மாதத்துக்குள் பதில் வர வேண்டும். நேரத் துண்டுகள், விநியோக எண்ணிக்கை, செயலிக்குள் இருந்த நேரம் எல்லாம் அதில் வரும். எங்கட பெடியன் படம் எடுத்து வைக்காமல் விட்டிருந்தால் இதைத்தான் செய்யச் சொல்லியிருப்பேன். கணக்கு முடக்கப்பட்டவரும் கேட்கலாம். தளங்களில் வேலை செய்வோர் பற்றிய ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய நெறிமுறை (2024/2831) இந்தத் தரவை, மதிப்பீடுகள் உட்பட, வேறு இடத்துக்குக் கொண்டுபோகும் உரிமையையும் சொல்கிறது. உறுப்பு நாடுகள் அதை 2026 டிசெம்பர் 2 இற்குள் தங்கள் சட்டமாக்க வேண்டும்.

ஒரு சங்கடமான விடயத்தையும் சொல்லிவிட வேண்டும், ஏனெண்டால் எங்கட ஆட்களிலும் இது நடக்கிறது. புதிதாக வந்து பத்திரம் சரியாக இல்லாதவர்கள், இன்னொருவரின் கணக்கை வாடகைக்கு எடுத்து ஓடுகிறார்கள். பில் கணக்குக்காரரின் பெயரில், காசில் ஒரு பங்கும் அவருக்கு. இத்தாலியில் இந்த மாதிரி இடைத்தரகு எவ்வளவு தூரம் போகும் என்பதை மிலானோ நீதிமன்றம் 2020 மே மாதத்தில் ஊபர் இத்தாலியை நீதிமன்ற நிர்வாகத்தின் கீழ் வைத்தபோது நாடே பார்த்தது. அங்கே ரைடர்களுக்கு ஒரு விநியோகத்துக்கு மூன்று யூரோ கொடுத்து ஓட வைத்திருந்தார்கள். அப்படி ஓடியவரின் அனுபவம் பொய்யல்ல, தெருவும் பாரமும் உண்மைதான். ஆனால் காட்டத் தாள் இல்லை. அவர் கணக்குக்காரரின் பில்களைத் தன்னுடையது எண்டு இணைத்தால், பெயரைப் பார்த்த கணமே விண்ணப்பம் குப்பைக்குப் போகும், கணக்குக்காரரும் மாட்டுவார். அந்தக் காலத்தை மாதக் கணக்கில் எழுதாமல், நேர்முகத்தில் வேலையைத் தெரிந்தவர் மாதிரிக் கதைத்துக் காட்டுவதுதான் அவருக்கு மிஞ்சும் வழி. இதற்கு நல்ல தீர்வு என்னிடம் இல்லை.

அந்தத் தொலைபேசிக்குப் பிறகு பெடியனைக் கூப்பிட்டு விண்ணப்பத்தில் அந்த வரியைத் திருத்தச் சொன்னேன். முதலில் இருந்தது "ரைடர், 2023–2024" எண்டு மட்டும். இப்ப இருப்பது: "உணவு விநியோகம், பலெர்மோ, சுயாதீனத் தொழிலாளி. 2023 மார்ச்–டிசெம்பர், வாரம் சுமார் 14 மணித்தியாலம். 2024 சனவரி–டிசெம்பர், வாரம் சுமார் 28 மணித்தியாலம், 2,840 விநியோகம். பில்களும் சேர்த்திஃபிகாத்சியோனே ஊனிகாவும் கேட்டால் காட்டப்படும்." 2025 இல் தகப்பனின் சத்திரசிகிச்சைக்காக வேலையை நிறுத்தியதையும் ஒரு வரியில் எழுதச் சொன்னேன். அவருக்கு அது வெட்கமாக இருந்தது. எழுதாவிட்டால் அந்த வெறுமையை வாசிப்பவர் தானே ஏதாவது கதையால் நிரப்புவார் எண்டு சொன்ன பிறகு எழுதினார்.

நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். அங்கே ஒப்பந்தம் என்ன எண்டு யாரும் கேட்கவில்லையாம். சனிக்கிழமை இரவு எட்டு மணிக்குப் பல்லரோ சந்தைப் பக்கத்தில் இருந்து மொந்தெல்லோவுக்கு ஒரே நேரத்தில் நாலு பொதி போக வேண்டும், இரண்டு பேர்தான் இருக்கிறார்கள், எப்படி அனுப்புவாய் எண்டு ஒரு வரைபடத்தைக் கொடுத்திருக்கிறார்கள். பெடியன் வரைபடத்தில் கோடு போட முதல், அந்த நேரத்தில் எந்தத் தெரு அடைபட்டிருக்கும் எண்டு சொல்லத் தொடங்கியிருக்கிறார். முடிவு இன்னும் வரவில்லை.